மந்தைவெளிக்கு ஆட்டோ, பெசன்ட் நகருக்குக் கார்: ஒரு வீட்டுக் கணக்கு

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அம்மா இருக்கிறார். வயது 71. முழங்கால் வலிக்காக வாரம் இரண்டு முறை மந்தைவெளியில் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். மாதம் இரண்டு முறை பெசன்ட் நகரில் பெரியம்மா வீடு. ஒரு முறை நீலாங்கரையில் என் தம்பி வீடு. பேருந்தில் ஏற முடியாமல் போனதிலிருந்து இந்த மூன்று இடங்களுக்கும் செயலியில் கார் பதிவு செய்துதான் போய்க்கொண்டிருந்தார். பதிவு செய்து தருவது நான்.

மாதக் கடைசியில் பார்த்தபோது காருக்கு மட்டும் 2,500 ரூபாய் போயிருந்தது. அம்மாவுக்கு அது உறுத்தியது. "ஆட்டோல போனா குறையுமா பாரேன்" என்றார். "கார்ல கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கணக்கா வாங்கறான், ஆட்டோக்காரர் ஏறினாலே அம்பது கேக்கறார், கார்தான் லாபம்" என்று அதுவரை நான்தான் சொல்லிவந்தேன். கணக்குப் போட்டுச் சொன்னதல்ல அது. சரி, இந்த முறை போட்டே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வந்த விடை நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

முதலில் ஆட்டோ. சென்னையில் அரசு கடைசியாக நிர்ணயித்த மீட்டர் கட்டணம் 2013 ஆகஸ்டில் வந்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சம் 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பாதி கூடுதல். அந்தக் கட்டணத்துக்கு இன்று யாரும் வண்டி ஓட்டுவதில்லை, ஓட்டவும் முடியாது. 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாங்களாகவே ஒரு கட்டணத்தை அறிவித்தன: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய். அரசு அதை ஏற்கவில்லை. ஆனாலும் எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் இருக்கும் ஓட்டுநரிடம் கேட்டபோது, "பகல்ல நம்ம ஏரியாவுக்குள்ள அந்த ரேட்டுதான் சார், சில்லறைய மட்டும் ரவுண்டா குடுத்துடுங்க" என்றார். ஆகவே என் கணக்கில் ஆட்டோ என்றால் 50, 1.8, 18 என்ற மூன்று எண்கள்.

அடுத்து கார். செயலியில் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று நேராக எழுதியிருக்காது. போகும் இடத்தைப் போட்டால் மொத்தத் தொகை வரும், அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து கிலோமீட்டர் கட்டணத்தைப் பிரித்து எடுப்பது சுலபம். வீட்டிலிருந்து ஒரே திசையில், ஒரே சாலையை ஒட்டி, தூரம் கூடிக்கொண்டே போகும் சில இடங்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். பதிவு செய்ய வேண்டாம், தொகையை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் நேரத்தோடு விலையும் மாறிவிடும். மயிலாப்பூரிலிருந்து தெற்கே போகும் வழி இதற்கு வசதியானது: மந்தைவெளி, அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குப் பார்த்தேன். மந்தைவெளி 1.4 கிலோமீட்டர், 100 ரூபாய். அடையாறு 4 கிலோமீட்டர், அதற்கும் 100 ரூபாய். பெசன்ட் நகர் 5.5 கிலோமீட்டர், 110. திருவான்மியூர் 6.5, 130. நீலாங்கரை 11.5, 230. ஓரிரு ரூபாய் முன்பின் இருந்ததை நெருங்கிய பத்துக்கு மாற்றியிருக்கிறேன். வரி உட்பட நான் கட்ட வேண்டிய தொகை இது.

இந்த எண்களை இரண்டிரண்டாக எடுத்தால் விஷயம் தெரியும். திருவான்மியூருக்கும் நீலாங்கரைக்கும் தூர வித்தியாசம் 5 கிலோமீட்டர், தொகை வித்தியாசம் 100 ரூபாய். அப்படியானால் கிலோமீட்டருக்கு 20. பெசன்ட் நகருக்கும் திருவான்மியூருக்கும் 1 கிலோமீட்டர், 20 ரூபாய். அதுவும் ஒத்துவருகிறது. 6.5 கிலோமீட்டரை 20 ஆல் பெருக்கினால் 130, காட்டிய தொகையே வந்துவிடுகிறது. ஆக அந்த நேரத்தில் காரில் வேறு எதுவும் சேரவில்லை, வெறும் கிலோமீட்டர் கட்டணம்தான். ஆனால் மந்தைவெளியும் அடையாறும் ஒரே தொகை காட்டுகின்றன. நான் கவனிக்காமல் விட்டது இதைத்தான். ஆட்டோவில்தான் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு, காரில் கிலோமீட்டர் கணக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். காரிலும் குறைந்தபட்சம் இருக்கிறது, 100 ரூபாய். எழுதிக் காட்டாததால் கண்ணில் படவில்லை.

அந்த 100-ஐக் கொஞ்சம் மறந்துவிட்டு, நான் முன்பு நினைத்தபடியே கார் வெறும் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டு முதல் கணக்கைப் போடுகிறேன். இந்த இரண்டு வகைக் கட்டணமும் எப்படி மோதுகின்றன என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும்.

ஆட்டோவின் 50 ரூபாயைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1.8 கிலோமீட்டருக்கு 18 ரூபாய் வீதம் போட்டால் 32 ரூபாய் 40 காசுதான் ஆகிறது. மிச்சம் 17 ரூபாய் 60 காசு ஓடும் தூரத்துக்கானது அல்ல. வண்டியில் ஏறி உட்கார்ந்ததற்கு. இதை நான் ஏறுகூலி என்று வைத்துக்கொள்கிறேன்.

```
ஏறுகூலி = 50 − (18 × 1.8) = 17.60
ஆட்டோ  = 17.60 + 18 × தூரம்   (1.8 கி.மீ.க்கு மேல்)
கார்    = 20 × தூரம்
```

இப்படி எழுதியதும் கேள்வி சுருங்கிவிடுகிறது. ஆட்டோ 17.60 ரூபாய் கூடுதலாகத் தொடங்குகிறது, ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காரைவிட 2 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது. 17.60-ஐ 2 ஆல் வகுத்தால் 8.8. அதாவது 8.8 கிலோமீட்டர் வரை கார் மலிவு, அதற்குப் பிறகு ஆட்டோ மலிவு. அந்த இடத்தில் இரண்டும் 176 ரூபாய். பக்கத்துக்கு ஆட்டோ, தூரத்துக்குக் கார் என்றுதான் வழக்கமாகச் சொல்வோம். குறைந்தபட்சக் கட்டணம் ஆட்டோவுக்கு மட்டும் இருந்தால், கிலோமீட்டர் விலையும் ஆட்டோவில் குறைவாக இருந்தால், அது தலைகீழாகிவிடும். பக்கத்துக்குக் கார், தூரத்துக்கு ஆட்டோ.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த 8.8 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்கக் கூடாது. கார் கிலோமீட்டருக்கு 19 ரூபாயாக இருந்தால் வித்தியாசம் 1 ரூபாய்தான், சந்திக்கும் இடம் 17.6 கிலோமீட்டருக்கு ஓடிவிடும். 22 ரூபாயானால் 4.4 கிலோமீட்டருக்கு வந்துவிடும். 18 அல்லது அதற்குக் கீழே போனால் சந்திக்கவே சந்திக்காது, எந்தத் தூரத்திலும் கார்தான் மலிவு. இரண்டு கிலோமீட்டர் விலையும் நெருங்கியிருக்கும்போது, ஒரு ரூபாய் அசைந்தால் எல்லை ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். ஆகவே கிடைத்த எல்லையோடு, அந்த எல்லைக்கு அருகில் எத்தனை ரூபாய் வித்தியாசம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் 6 கிலோமீட்டரில் கார் 5.60 ரூபாய் மலிவு, 12 கிலோமீட்டரில் ஆட்டோ 6.40 ரூபாய் மலிவு. நடுவில் எங்கே போனாலும் அதைவிடக் குறைவான வித்தியாசம்தான். அதற்காக யோசித்து நிற்பதே வீண்.

இப்போது மறந்துவைத்த 100 ரூபாயைத் திரும்பக் கொண்டுவருகிறேன். உண்மையான கார் கட்டணம் இப்படி: 5 கிலோமீட்டர் வரை 100 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 20. ஆட்டோவோ 50 ரூபாயில் தொடங்கி மெதுவாக ஏறுகிறது. ஆட்டோ எப்போது 100 ரூபாயைத் தொடும்? 50-க்கு மேல் இன்னும் 50 ரூபாய் வேண்டும், அதை 18 ஆல் வகுத்தால் 2.78, அதோடு 1.8 சேர்த்தால் 4.58 கிலோமீட்டர். அதுவரை ஆட்டோதான் மலிவு. 4.58-க்கும் 8.8-க்கும் நடுவில் கார் மலிவு. 8.8-க்கு அப்பால் மறுபடியும் ஆட்டோ.

ஒரே எல்லையைத் தேடிப் போனவனுக்கு இரண்டு எல்லைகள் கிடைத்தன. கார் மலிவாக இருப்பது நடுவில் ஒரு சந்து மாதிரி: அடையாறைத் தாண்டித் தொடங்கி, திருவான்மியூரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் முடிந்துவிடுகிறது. அந்தச் சந்திலும் அதிகபட்ச லாபம் எவ்வளவு என்று பார்த்தேன். கார் கட்டணம் படுத்திருந்து எழும் இடம் 5 கிலோமீட்டர், வித்தியாசம் அங்கேதான் உச்சம். அங்கே ஆட்டோ 107.60, கார் 100. ஏழு ரூபாய் அறுபது காசு. இத்தனை நாளாக "கார்தான் லாபம்" என்று நான் சொன்ன லாபத்தின் உச்சமே இவ்வளவுதான்.

மறுபக்கத்தைப் பாருங்கள். மந்தைவெளிக்கு ஆட்டோ 50, கார் 100. ஒரு பயணத்துக்கு 50 ரூபாய் நஷ்டம். வாரம் இரண்டு நாள், போக வர என்று மாதத்துக்கு 16 பயணங்கள். 800 ரூபாய். மொத்தக் கணக்கில் பெரிய ஓட்டை இந்த ஒன்றேகால், ஒன்றரைக் கிலோமீட்டர் பயணத்தில்தான் இருந்தது. தூரம் குறைவு, என்ன பெரிதாக ஆகிவிடப் போகிறது என்று நான் பார்க்காமலே விட்ட பயணம் அது.

தாளில் போட்டது இவ்வளவு. அப்புறம் தெருவில் இறங்கி விசாரித்தபோது மூன்றாவது பகுதி, அதாவது 8.8-க்கு அப்பால் ஆட்டோ மலிவு என்பது, நிற்கவில்லை. நீலாங்கரைக்குக் கணக்குப்படி ஆட்டோ 224.60, கார் 230. ஸ்டாண்டில் கேட்டால் 300 என்றார் அதே ஓட்டுநர். "கிலோமீட்டருக்குப் பதினெட்டுதானே சொன்னீங்க?" என்றேன். "சார், மந்தவெளின்னா இறக்கிவிட்டுட்டு நடக்கிற தூரத்துல வேற சவாரி புடிச்சிடுவேன். அங்கேர்ந்து நான் திருவான்மியூர் வரைக்கும் காலியா வரணும். அதுக்கு யார் காசு குடுப்பா?" என்றார். நியாயமான கேள்வி. கிலோமீட்டர் விலையில் காலி ஓட்டம் அடங்கவில்லை, ஸ்டாண்டு ஆட்டோவில் அது பேரத்தில் வந்து சேர்கிறது. காரிலும் காலி ஓட்டம் உண்டு. ஆனால் அந்த ஓட்டுநருக்கு நீலாங்கரையிலேயே அடுத்த பதிவு கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, அதனால் அது என் தொகையில் தனியாகத் தெரிவதில்லை. ஆக நடைமுறையில் தூரம் கூடக் கூட ஆட்டோவின் கிலோமீட்டர் விலை 18 ஆக நிற்பதில்லை, ஏறுகிறது. அம்மாவின் வழிகளில் எனக்குக் கடைசியில் மிஞ்சிய எல்லை ஒன்றே ஒன்று: நாலரைக் கிலோமீட்டர்.

சில்லறையை மேலே ஏற்றிக் கொடுக்கும் வழக்கமும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. பெசன்ட் நகருக்கு 116.60 வரும் இடத்தில் 120 கொடுக்கிறோம். கார் 110. தாளில் 6.60 ஆக இருந்த வித்தியாசம் கையில் 10 ரூபாய் ஆகிறது. திரும்பி வரும்போது இன்னொரு ஸ்டாண்டு, முன்பின் தெரியாத ஓட்டுநர், 150 கேட்டார். போகும் வழிக்குப் போட்ட கணக்கை வரும் வழிக்கும் அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. மந்தைவெளியில் அந்தச் சிக்கல் இல்லை. பிசியோதெரபி முடிய 40 நிமிடம் ஆகும், அதற்குள் எங்கள் ஓட்டுநர் ஒரு சவாரி முடித்துவிட்டு, போன் அடித்தால் வந்து நிற்கிறார். வரும் வழிக்கும் அதே 50.

மாதத் தொகையை எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். எல்லாப் பயணமும் காரில் போனால் மந்தைவெளிக்கு 1,600, பெசன்ட் நகருக்கு 440, நீலாங்கரைக்கு 460. மொத்தம் 2,500. எல்லாமே ஆட்டோவில் என்றால், ஓட்டுநர் நிஜமாகக் கேட்கும் தொகையில், 800, 480, 600. மொத்தம் 1,880. (பெசன்ட் நகரிலிருந்து வரும்போதும் எங்கள் ஓட்டுநரையே வரச்சொன்னால் இந்தக் கணக்கு, தெரியாத ஸ்டாண்டில் ஏறினால் 60 ரூபாய் கூடும்.) மந்தைவெளிக்கு ஆட்டோவும் மற்ற இரண்டுக்கும் காரும் என்று பிரித்தால் 800, 440, 460. மொத்தம் 1,700. மாதம் 800 ரூபாய் குறைகிறது, அந்த 800-உம் மந்தைவெளியிலேயே கிடைத்துவிட்டது. மற்ற இரண்டு இடங்களிலும் நான் முன்பு செய்ததே சரி.

இந்த விடை காலை 11 மணிக்கானது. அன்று மாலை 6 மணிக்கு அதே ஐந்து இடங்களையும் மறுபடி போட்டேன். மந்தைவெளி 120. திருவான்மியூர் 170. நீலாங்கரை 290. இப்போது 5 கிலோமீட்டருக்கு 120 ரூபாய் வித்தியாசம், கிலோமீட்டருக்கு 24. ஆனால் 6.5-ஐ 24 ஆல் பெருக்கினால் 156-தான் வருகிறது, 14 ரூபாய் உதிரியாக நிற்கிறது. நீலாங்கரையிலும் அதே 14. மாலையில் காருக்கும் ஒரு ஏறுகூலி முளைத்துவிட்டது, குறைந்தபட்சமும் கூடிவிட்டது, கிலோமீட்டர் விலையும் கூடிவிட்டது. சங்கக் கட்டணத்தை வைத்துப் பார்த்தால் அந்த நேரத்தில் எந்தத் தூரத்திலும் ஆட்டோதான் மலிவு. நீலாங்கரைக்கு ஆட்டோ கேட்கும் 300 கூட 290-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

காலையில் கிடைத்த நடுச்சந்து அழிய மாலை வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 5 கிலோமீட்டரில் ஆட்டோ 107.60, கார் 100 அல்லவா? கார் விலை மொத்தமாக 8 சதவீதம் ஏறினால் போதும், 108 ஆகிவிடும். சந்தின் மிக ஆழமான இடமே மூடிவிட்டால் மற்ற இடங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. மழை தூறினால் 8 சதவீதம் ஏறாதா? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம் என்கின்றன. கூட்டமில்லாத நேரத்தில் பாதி வரை குறைக்கலாம் என்றும் சொல்கின்றன. இவ்வளவு ஊசலாடும் விலையில், ஒரு நாள் போட்ட கணக்கின் இரண்டாவது எல்லையை மறுநாள் நம்ப முடியாது. மந்தைவெளிக்குக் கிடைத்த விடை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. குறைந்தபட்சக் கட்டணங்கள் 50, 100 என்று ஒன்றுக்கு இரண்டு மடங்காக இருப்பதால், கார் விலை கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் மந்தைவெளி ஆட்டோவின் பக்கமே நிற்கிறது. கார் விலை பாதியாக, 50 ரூபாய்க்கு, இறங்கினால்தான் சமம்.

இரவில் கதை வேறு. 11 மணிக்கு மேல் ஆட்டோவுக்கு ஒன்றரை மடங்கு: 75 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 27. காரில் பகல் விலையே காட்டினால் ஆட்டோ 2.7 கிலோமீட்டரிலேயே 100-ஐத் தொட்டுவிடும். 27 என்பது 20-ஐவிட அதிகம் என்பதால் அதற்குப் பிறகு கார்தான், திரும்ப ஒரு சந்திப்பு கிடையாது. நான்கு பேராகப் போவதும் தனிக் கணக்கு. ஆட்டோவில் மூன்று பேர்தான் ஏறலாம் என்பதால் இரண்டு ஆட்டோ வேண்டும், தொடக்கத்திலேயே 100 ரூபாய் ஆகிவிடும், கார் எந்தத் தூரத்திலும் தோற்காது.

பெங்களூரில் இருக்கும் அத்தை மகனிடம் இதைச் சொன்னபோது, அவர் தன் ஊர்க் கட்டணத்தைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அங்கே 2025 ஆகஸ்ட் முதல் ஆட்டோவுக்கு முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18. பிரித்துப் பார்த்தால் 18-ஐ 2 ஆல் பெருக்கினாலே 36, ஏறுகூலி பூஜ்யம். 2 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் அங்கே ஆட்டோ சுத்தமான கிலோமீட்டர் கட்டணம்தான். கர்நாடக அரசு 2024-இல் வாடகைக் கார்களுக்கு நிர்ணயித்ததில், 10 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள கார்களுக்கு முதல் 4 கிலோமீட்டருக்கு 100, பிறகு 24. இதில் ஏறுகூலி 4 ரூபாய். ஏறுகூலியும் காரில் அதிகம், கிலோமீட்டர் விலையும் காரில் அதிகம். ஆக அரசுக் கட்டணப்படி போனால் அங்கே எல்லையே கிடையாது, எல்லாத் தூரத்திலும் ஆட்டோதான். இரண்டு எண்களையும் பிரித்து வைத்துக்கொண்டால் சமன்பாடு போடாமலே இதைச் சொல்லிவிடலாம். ஒரு வண்டி ஏறுகூலியிலும் கிலோமீட்டரிலும் இரண்டிலுமே மலிவாக இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஒன்றில் இது மலிவு, மற்றதில் அது மலிவு என்றால் மட்டும்தான் வகுத்துப் பார்க்கும் வேலை.

சென்னையிலும் 2013 கட்டணம் நடைமுறையில் இருந்திருந்தால் இப்படித்தான் ஆகியிருக்கும். 25-இல் 21.60 ஓட்டத்துக்குப் போய்விடுகிறது, ஏறுகூலி வெறும் 3.40. கிலோமீட்டருக்கு 12. நீலாங்கரைக்கு 141.40. எங்கள் ஓட்டுநரிடம் அந்தத் தொகையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2013-க்குப் பிறகு திருத்தாத ஒரு கட்டணத்தை வைத்து அவரைக் குறைசொல்ல முடியாது. அரசு அதைத் திருத்தி அறிவிக்காததால்தான் இந்தக் கணக்கில் ஆட்டோவின் பக்கம் எப்போதும் ஒரு பேரம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பேரம் பேசத் தெரியாத, அல்லது பேச விரும்பாத ஒரு வயதான அம்மாவுக்கு 50 என்று நான் போடும் எண் வேறு ஸ்டாண்டில் 80 ஆகும். அப்போதும் மந்தைவெளிக்கு ஆட்டோ 20 ரூபாய் மலிவுதான். ஆனால் நாலரைக் கிலோமீட்டர் எல்லை நிற்காது. தொடக்கம் 80 ஆகி, கிலோமீட்டர் விலை 18 ஆகவே இருந்தாலும், 100-ஐத் தொட 20 ரூபாய்தான் மிச்சம், அது 1.1 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். எல்லை 2.9 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும்.

இதனால்தான் அம்மாவிடம் கிலோமீட்டரைச் சொல்லவில்லை, ரூபாயைச் சொன்னேன். ஒரு அட்டையில் மூன்று வரி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். மந்தைவெளி: ஆட்டோ, 100-க்குக் கீழே எது கேட்டாலும் ஏறலாம். பெசன்ட் நகர்: காரில் 120-க்குள் காட்டினால் கார், இல்லையென்றால் ஸ்டாண்டு ஓட்டுநருக்குப் போன். நீலாங்கரை: 300-க்குள் காட்டினால் கார்.

பங்குனித் திருவிழாவின்போது மாட வீதிகளில் வண்டி விட மாட்டார்கள். கார் லஸ் முனையிலேயே நின்றுவிடும், முழங்கால் வலியோடு அதுவரை அம்மாவால் நடக்க முடியாது. சந்துகளில் நுழைந்து வாசலுக்கு வருவது ஆட்டோதான். அந்தப் பத்து நாளும் அட்டையைப் பார்க்க வேண்டாம் என்று நாலாவது வரியாக அம்மாவே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.